இரவு 2.45 வியர்வை: பிராந்தியின் கணக்கும் காபியின் மிச்சமும்

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. சென்னையில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருஷமாக பீரியட்ஸ் தாறுமாறாக வருகிறது. ஒரு தடவை 24 நாளில், ஒரு தடவை 50 நாள் கழித்து. ராத்திரி 10 மணிக்குப் படுத்த உடனே தூங்கிவிடுவேன். ஆனால் 2.45, 3 மணிக்கு நெஞ்சு படபடத்து முழிப்பு வந்துவிடுகிறது. கழுத்தும் முதுகும் நனைந்து, நைட்டியை மாற்ற வேண்டியிருக்கிறது. அப்புறம் 5 மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: தூக்கம் வரட்டும் என்று வாரத்தில் நான்கைந்து நாள் கணவருடன் சேர்ந்து இரண்டு லார்ஜ் பிராந்தி, 8.30லிருந்து 9.30க்குள். அது இல்லாத நாளில் படுத்தால் தூக்கமே வருவதில்லை. இரண்டு தடவை மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொண்டேன். காபி அதிகமில்லை. காலை 6க்கு பில்டர் காபி, 11க்கு ஆபீஸ் மெஷின் காபி, 4.30க்கு மறுபடி பில்டர் காபி, 7.30க்கு வெளிநாட்டு போன் கால் இருப்பதால் ஒரு டீ. காபி என் தூக்கத்தைக் கெடுத்ததே இல்லை. அம்மா இதை ‘உடம்பு சூடு’ என்கிறார். பிராந்தியை விட்டுவிட்டு ஒயினுக்கு மாறினால் சரியாகுமா? ஹார்மோன் மாத்திரை என்றாலே கேன்சர் பயம். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கூச்சத்தை ஒதுக்கிவிட்டு அளவையும் மணியையும் எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் என்னால் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது. ‘எப்போதாவது கொஞ்சம்’ என்று எழுதியிருந்தால், அந்த 2.45க்குக் காரணம் தேடி இருவரும் வேறு எங்கோ அலைந்துகொண்டிருப்போம்.

நம் ஊர் பிராந்தி பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், 42.8 சதவீதம் என்று இருக்கும். ஒரு லார்ஜ் என்பது 60 மி.லி. அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 20 கிராம். இரண்டு லார்ஜுக்கு 40 கிராம். கல்லீரல் இதை மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் வீதம்தான் கரைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாமே தவிர, மோரோ எலுமிச்சைச் சாறோ குளியலோ அந்த வேகத்தைக் கூட்டாது. 40ஐ 7ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால் மணி நேரம் வரும். 8.30க்கு முதல் மடக்கு என்றால், அதிகாலை 2.15 வாக்கில் உங்கள் ரத்தத்திலிருந்து ஆல்கஹால் தீர்கிறது. அரை மணி கழித்து நீங்கள் விழிக்கிறீர்கள்.

இது தற்செயல் இல்லை. ஆல்கஹால் மூளையின் மீது ஒரு பிரேக்கைப் போல அமர்கிறது. மூளை அதைச் சும்மா விடாது. பிரேக்குக்கு எதிராகத் தன் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கும். பிரேக் போன பிறகும் மிதித்த கால் உடனே எழுவதில்லை. அதனால்தான் இரவின் முதல் பாதியில் கல்லைப் போட்டதுபோல் தூங்குகிறவர், இரண்டாம் பாதியில் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறார். முதல் பாதியில் அமுக்கப்பட்ட கனவுத் தூக்கமும் அப்போதுதான் சேர்ந்து திரும்புகிறது. நாடித்துடிப்பு ஏறுகிறது. முன்னிரவில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்ததால் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த உடல், பின்னிரவில் மறுபடி சூடேறத் தொடங்குகிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் மது மட்டுப்படுத்துவதால் மூத்திரப்பையும் தன் பங்குக்கு எழுப்பும்.

இருபத்தைந்து வயதிலும் இதெல்லாம் நடந்திருக்கும். அப்போது புரண்டு படுத்துத் தூங்கியிருப்பீர்கள். இப்போது ஏன் நைட்டி நனைகிறது என்பதற்கு அம்மா சொன்ன வார்த்தையிலிருந்து தொடங்கலாம்.

அம்மா சொல்லும் ‘உடம்பு சூடு’

அம்மா முழுக்கத் தவறில்லை. ஆனால் வியர்க்கும்போது தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இருக்காது. சூடானதாக மூளை நினைத்துக்கொள்கிறது என்பதே சரி. மூளையின் அடிப்பாகத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் நம் வெப்பநிலையைக் காவல் காக்கிறது. உட்புற வெப்பநிலை ஒரு எல்லையைத் தாண்டினால் வியர்க்கவைக்கும், கீழ் எல்லைக்கு இறங்கினால் நடுங்கவைக்கும். இரண்டு எல்லைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதற்குள் வெப்பநிலை ஏறி இறங்கினாலும் உடல் கண்டுகொள்ளாது. திடீரென்று சூடு பரவி வியர்த்துக் கொட்டும் ஹாட் ஃப்ளஷ் தொந்தரவு இல்லாத பெண்களிடம் இந்த இடைவெளி சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் என்று அளந்திருக்கிறார்கள். தொந்தரவு உள்ளவர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. ஒரு வாரம் உச்சிக்குப் போய் அடுத்த வாரம் சரிந்து விழும். அந்தச் சரிவில்தான் இடைவெளி சுருங்குகிறது. அப்புறம் போர்வைச் சூடோ, ஒரு படபடப்போ, கொஞ்சம் வெப்ப ஏற்றமோ போதும். தோலின் ரத்தக் குழாய்கள் திடீரென்று விரிந்து, முகமும் கழுத்தும் பற்றி எரிந்து, வியர்வை கொட்டும். சில நிமிடங்களில் உடல் தேவைக்கு மேல் குளிர்ந்துவிடுவதால் பின்னாலேயே நடுக்கம் வரும். நைட்டியை மாற்றியதும் போர்வையைத் தேடுகிறீர்களா? அப்படியானால் இதுதான்.

ஆக, உங்கள் 2.45இல் இரண்டு காரியம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. மது தீரும்போது எல்லோருக்கும் ஏறும் நாடியும் வெப்பமும், இடைவெளியே இல்லாத காவலாளியிடம் போய் முட்டுகின்றன. மது அருந்துவோருக்கெல்லாம் ஹாட் ஃப்ளஷ் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வு முடிவுகள் இதில் ஒரே பக்கம் சாயவில்லை. சில பெண்களுக்கு ஒரு வேறுபாடும் தெரிவதில்லை. பின்னிரவுத் தூக்கத்தை மது உடைக்கும் என்பதில்தான் சந்தேகமே இல்லை. உங்கள் விஷயத்தில் மதுவின் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: வாரத்தில் குடிக்காத அந்த இரண்டு மூன்று இரவுகளில் எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள்? கடிதத்தில் அது இல்லை. தூக்கம் பிடிக்கத் தாமதமாகிறது என்று மட்டும் இருக்கிறது.

ஒயினுக்கு மாறினால்?

பாட்டில் மாறும், கணக்கு மாறாது. 12 சதவீத ஒயின் 750 மி.லி. பாட்டிலில் சுமார் 71 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கணவரும் நீங்களும் பாதிப் பாதி குடித்தால் ஆளுக்கு 35 கிராம்; இரண்டு லார்ஜுக்குக் கொஞ்சம்தான் குறைவு. பீர் ‘லைட்’ என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் 41 கிராம். அதுவும் இரண்டு லார்ஜேதான். சிவப்பு ஒயின் பட்ட உடனேயே சிலருக்கு முகம் சிவந்து சூடேறும் என்பதால், ஹாட் ஃப்ளஷ் உள்ளவருக்கு அது ஒரு படி மோசமாகக்கூட இருக்கலாம்.

கணவரும் அதே இரண்டு லார்ஜ்தான் குடிக்கிறார், அவர் காலை வரை அசையாமல் தூங்குகிறார் என்று தோன்றலாம். பெண் உடலில் நீரின் அளவு குறைவு. அதே அளவு மது பெண்ணின் ரத்தத்தில் அதிகச் செறிவாக நிற்கும். அவருக்கு ஹாட் ஃப்ளஷும் இல்லை. அவரை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

காபி தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்பது

உங்கள் கடிதத்தில் நான் உடன்படாத வரி இதுதான். படுத்ததும் தூங்கிவிடுவதால் காபி நிரபராதி என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். படுத்ததும் தூங்கவைப்பது பிராந்தி. அதை எடுத்துவிட்டால் தூக்கம் வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவுகளில் வெளியே தெரிவது காபியாகவும் இருக்கலாம்.

பகல் முழுக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். கஃபீன் அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு 3, சிலருக்கு 7 அல்லது அதற்கும் மேல். பிறவியிலேயே ஆளுக்கு ஆள் இந்த வேகம் வேறு. பீரியட்ஸைச் சீராக்க டாக்டர் கருத்தடை மாத்திரை கொடுத்திருந்தால், அது கஃபீன் வெளியேறும் நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும்.

உங்கள் ஒரு நாளைக் கணக்குப் போடுவோம். பத்து கிராம் காபித்தூளில் இறக்கிய டிகாக்‌ஷனில் ஒரு டம்ளர் பில்டர் காபி என்றால் சுமார் 90 மி.கி. கஃபீன் என்று வையுங்கள். மெஷின் காபி 60, டீ 40. மொத்தம் 280 மி.கி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படும் 400 மி.கி. வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள், ‘அதிகமில்லை’ என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் அந்த வரம்பு ஒரு நாளின் மொத்தத்துக்கு. எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. இரவு 10 மணிக்குக் காலைக் காபியில் 10 மி.கி. மிச்சம், மெஷின் காபியில் 13, 4.30 காபியில் 42, டீயில் 28. கூட்டினால் 93. ஒரு முழு டம்ளர் பில்டர் காபியைக் குடித்துவிட்டுப் படுக்கப் போவதற்குச் சமம். 3 மணிக்கு விழிக்கும்போதும் அதில் பாதி உள்ளே இருக்கிறது. சாதாரணமாக விழிப்பு வந்து மறுபடி தூங்கிவிடக்கூடிய அந்த நேரத்தில், 5 மணி வரை கண் கொட்ட விடாமல் வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

ஹாட் ஃப்ளஷுக்கும் கஃபீனுக்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2015இல் வெளிவந்த ஆய்வு பார்த்தது. மாதவிடாய் நின்றுபோன பெண்களில் கஃபீன் எடுப்பவர்களுக்குச் சூடும் இரவு வியர்வையும் கூடுதல் தொந்தரவாக இருந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய, காரணம் இதுதான் என்று நிரூபிக்கவில்லை. சரியாகத் தூங்காதவர் அதிகம் காபி குடிப்பதும் இயல்புதானே. அதே ஆய்வில், உங்களைப்போல் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய கட்டத்தில் இருந்த பெண்களில் கஃபீன் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு, மறதி, கவனச்சிதறல் போன்ற தொல்லைகள் குறைவாகவே இருந்தன. எனவே காலைக் காபியைப் பிடுங்கும் எண்ணம் எனக்கு இல்லை. குடிக்கும் மணிதான் மாற வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காபி குடித்த இரண்டே நிமிடத்தில் முகம் தீயாய்க் காய்ந்தால் அது கஃபீன் இல்லை, காபியின் சூடு. கஃபீன் ரத்தத்தில் நன்றாக ஏற அரை மணியாவது ஆகும். அப்படிப்பட்டவர் ஆற்றிக் குடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். டபராவில் ஆற்றும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் எதை விடுவது

எல்லோரும் பிராந்தியைத்தான் முதலில் நிறுத்துவார்கள், மூன்றாம் நாளே தோற்றுப்போவார்கள். மாலைக் காபி உள்ளே இருக்கும்போது மதுவை எடுத்தால், இரவு 10க்குப் படுத்து 1 மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ‘பார், பிராந்தி இல்லாமல் நமக்கு ஆகாது’ என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். ஆகவே காபி முதலில், மது பிறகு.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எத்தனை மி.லி., எப்போது படுத்தேன், எப்போதெல்லாம் விழித்தேன், உடை மாற்றும் அளவுக்கு வியர்த்ததா. பிராந்தியை பாட்டில் மூடியாலோ கண்ணளவாலோ ஊற்றாமல், மருந்து பாட்டிலோடு வரும் அளவுக் கோப்பையால் ஒரு தடவை அளந்து பாருங்கள். வீட்டில் ஊற்றும் ‘லார்ஜ்’ பல சமயம் 80, 90 மி.லி. இருக்கும். பீரியட்ஸ் வந்த தேதியையும் குறியுங்கள். சுழற்சி தாறுமாறாக இருக்கும் இந்தக் கட்டத்தில் பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் வியர்வை கூடுவது உண்டு. அது தெரியாமல் ஒரு நல்ல வாரத்தையும் ஒரு கெட்ட வாரத்தையும் ஒப்பிட்டு ஏமாறக் கூடாது.

இரண்டாம் வாரம் 7.30 டீ போகட்டும். போன் காலுக்கு உட்காரும்போது கையில் ஏதாவது வேண்டும் என்றால் சுக்கு மல்லிக் காபி ஆகும், காபித்தூள் கலக்காமல் போட்டால். காரமும் சூடும் உங்களைச் சிவக்க வைக்கிறதா என்று பார்த்து, ஆறவைத்துக் குடியுங்கள். கிரீன் டீ மாற்றாகாது. அதிலும் கஃபீன் இருக்கிறது. கோலா பானங்களிலும் சில தலைவலி மாத்திரைகளிலும்கூட இருக்கிறது. மாத்திரை அட்டையில் படித்துப் பாருங்கள்.

அதே வாரத்தில் 4.30 காபியைக் குறைக்கத் தொடங்குங்கள். ஒரே நாளில் வெட்டினால் மறுநாள் மண்டை பிளக்கும். கஃபீன் நின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். மூன்று நாளுக்கு ஒரு தடவை டிகாக்‌ஷனில் கால் பங்கைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். இல்லையென்றால் பில்டரில் இரண்டாவதாக இறக்கும் டிகாக்‌ஷனை மாலைக்கு வையுங்கள். முதல் இறக்கத்திலேயே பெரும்பங்கு கஃபீன் வந்துவிடும். காபித்தூள் அரைக்கும் கடையிலும் ஒரு வழி உண்டு. சிக்கரியில் கஃபீன் கிடையாது. 80:20 கலவையை 60:40 ஆக்கினால் ஒவ்வொரு டம்ளரிலும் கஃபீன் கால் பங்கு குறைந்துவிடும். ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கஃபீன் இருப்பதால், கலவையில் ரோபஸ்டா வேண்டாம், அராபிகா வகையான பிளாண்டேஷன் ஏ மட்டும் போடுங்கள் என்று கேட்கலாம். காபி பிரியர்கள் சிக்கரி கூடுவதை ஒப்பமாட்டார்கள். அவர்களுக்கு ரோபஸ்டாவை விடுவதே வழி. பத்துப் பன்னிரண்டு நாளில் நண்பகல் 12க்குப் பிறகு கஃபீன் இல்லை என்ற நிலைக்கு வந்துவிடலாம். காலை 6, பகல் 11 இரண்டும் அப்படியே இருந்தாலும் இரவு 10 மணி மிச்சம் 93லிருந்து 23க்கு இறங்கிவிடும்.

அதன் பிறகு மது. குறைப்பதைவிட 14 இரவுகள் முழுசாக நிறுத்திப் பார்ப்பதே தெளிவான பதிலைத் தரும். முதல் மூன்று நான்கு இரவுகள் மோசமாகத்தான் இருக்கும். தூக்கம் தள்ளிப் போகும், கெட்ட கனவுகூட வரும். அது மூளை காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்க எடுத்துக்கொள்ளும் நேரம். அந்த நாட்களில் 10 மணிக்கே போய்ப் படுத்துப் புரளாதீர்கள். கண் சொக்கும்போது, 11.30 ஆனாலும் சரி, அப்போது படுங்கள்; காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள். ஐந்தாம் இரவுக்குப் பிறகு வரும் குறிப்புகளைத்தான் முதல் வாரத்தோடு ஒப்பிட வேண்டும். 3 மணி விழிப்பு போய், வியர்வை மட்டும் எந்த நேரத்திலாவது வந்தால் அந்த மிச்சம்தான் ஹார்மோனின் கணக்கு.

நிறுத்துவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. காலையில் கை நடுங்குவது, குடிக்காத நாளில் வியர்த்துப் பதறுவது, நீங்கள் எழுதியதைவிட அளவு உண்மையில் கூடுதலாக இருப்பது, இதில் ஏதாவது ஒன்று உண்டென்றால் தானாக நிறுத்த வேண்டாம். பழகிய உடலிலிருந்து மதுவைத் திடீரென எடுத்தால் வலிப்புகூட வரலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து தந்து படிப்படியாக நிறுத்துவார்கள். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்; கட்டணம் இல்லை.

பரிசோதனை முடிந்து, கல்யாண வீட்டிலோ விடுமுறையிலோ குடிக்க நேர்ந்தால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 30 மி.லி. ஸ்மால் ஒன்றில் 10 கிராம். 7.30க்குச் சாப்பாட்டோடு முடித்துவிட்டால் 9.30க்குள் தீர்ந்துவிடும், தூக்கத்துக்குள் அது வராது. இது தூக்கத்துக்கான கணக்கு மட்டுமே. புற்றுநோயைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று மதுவில் ஒன்று இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

மாமியாரின் மாத்திரை

இதை இன்றோடு நிறுத்துங்கள். வயதானவர்களுக்குக் கொடுக்கும் தூக்க மாத்திரை பெரும்பாலும் அல்ப்ரசோலம் அல்லது குளோனசெபம். பிராந்தி மிதிக்கும் அதே பிரேக்கைத்தான் இவையும் மிதிக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். குறட்டை விடுபவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாதி மாத்திரைதானே என்பது ஆறுதல் இல்லை, உடன் 40 கிராம் ஆல்கஹால் இருக்கும்போது.

ஹார்மோன் பயம்

காபியையும் மதுவையும் சரிசெய்த பிறகும் இரவு வியர்வை தூக்கத்தைத் தின்றால், சகித்துக்கொண்டிருக்க அவசியம் இல்லை. ஹார்மோன் சிகிச்சைதான் ஹாட் ஃப்ளஷுக்கு இருக்கும் மருந்துகளில் வலுவானது. உங்கள் பயத்துக்கு பிரிட்டன் மருத்துவர்கள் காட்டும் ஓர் ஒப்பீட்டைச் சொல்கிறேன். 50 முதல் 59 வயது வரையான பெண்கள் 1000 பேரை எடுத்துக்கொண்டால், 5 ஆண்டுகளில் 23 பேருக்கு எப்படியும் மார்பகப் புற்றுநோய் வரும். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த சிகிச்சை எடுத்தால் கூடுதலாக 4 பேர். தினமும் 2 யூனிட் அல்லது அதற்கு மேல் மது அருந்தினால் கூடுதலாக 5 பேர். அந்த 2 யூனிட் என்பது 16 கிராம். உங்கள் ஒரு லார்ஜைவிடக் குறைவு. எண்கள் அந்த நாட்டுக்குரியவை, நீங்கள் தினமும் குடிப்பவரும் இல்லை. ஆனாலும் மாத்திரைக்குப் பயந்து பிராந்தியோடு இருப்பது, பயத்தைத் தவறான பாட்டிலின் மேல் வைப்பது.

கர்ப்பப்பை இருப்பதால் உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தர மாட்டார்கள். கர்ப்பப்பை உட்சவ்வைக் காக்க புரோஜெஸ்டிரோனும் வேண்டும். அதை இரவில் எடுத்தால் கொஞ்சம் தூக்கமும் வரும்; அதன் மேல் மது சேர்ந்தால் தலை சுற்றும். ஈஸ்ட்ரோஜனைத் தோலில் பூசும் ஜெல்லாகவோ ஒட்டும் பேட்ச்சாகவோ எடுத்தால் ரத்தக்கட்டு ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. முன்பு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், கால் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்களுக்கு வென்லாஃபாக்சின், இரவில் மட்டும் கபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உண்டு. கபாபென்டினோடும் மது கூடாது.

டாக்டரிடம் போகும்போது

46 வயதில் பீரியட்ஸ் இப்படி மாறி, கூடவே வியர்வையும் இருந்தால் மாதவிடாய் நிற்கப் போகிறதா என்று பார்க்க எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை தேவையில்லை; அந்த அளவு வாரத்துக்கு வாரம் தாவும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வை. பீரியட்ஸில் உதிரம் அதிகம் போனால் ரத்தசோகையும் நெஞ்சைப் படபடக்க வைக்கும். சாப்பாட்டோடு காபியோ டீயோ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதால் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். 50 நாள் தள்ளிப்போனால் ‘நிற்கும் காலம்தானே’ என்று விடாமல் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் ஒரு தடவை பாருங்கள். 12 மாதம் முழுசாக பீரியட்ஸ் இல்லாமல் போகும்வரை கரு தங்க வாய்ப்பு உண்டு. இரவு வியர்வையோடு எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் சேர்ந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை முதலில். காபி நோட்டு பிறகு.

அந்த நோட்டில் இன்னொரு கட்டமும் போடுங்கள்: ‘குறட்டை, மூச்சு நின்று திணறல்’. பிராந்தி குடித்த இரவுக்கும் குடிக்காத இரவுக்கும் தனித்தனியாக. தூக்கத்தில் மூச்சடைப்பு இந்த வயதில் பெண்களுக்குக் கூடும், மது அதை இன்னும் மோசமாக்கும், நனைந்து விழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கட்டத்தை உங்களால் நிரப்ப முடியாது. 14 இரவுகளுக்குக் கணவரும் குடிக்காமல் இருந்து, அதை அவர் எழுதட்டும்.